எரிந்தது எழுபத்தைந்து, போட்டது அறுபது, கிடைத்தது ஐம்பது

கண்டியிலும் சுற்றுவட்டத்திலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆனாலும் கடைசி வரை வாசியுங்கள், வாசித்து முடித்ததும் அலுமாரியில் இருக்கும் உங்கள் தீக் காப்புறுதிப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

நாங்கள் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவர்கள். தீயில் அழிந்த இருப்பைக் கணக்கிடுவது எங்களுக்குக் கரும்பலகையில் ஒரு மணித்தியால வேலை. 2018 மார்ச்சுக்குப் பிறகு அது கரும்பலகைக் கணக்காக மட்டும் இருக்கவில்லை. அந்த மாதம் 5 ஆம் திகதி திகனயிலும் அதைத் தொடர்ந்து வேறு இடங்களிலும் கடைகள் எரிந்தன. 6 ஆம் திகதி நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமானது. புகை அடங்கிய பிறகு, கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பைல்களைத் தூக்கிக்கொண்டு கணக்குத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். பைல் எரிந்துபோனவர்கள் வெறும் கையோடு வந்தார்கள்.

வந்தவர்களில் அநேகமானோர் கேட்டது ஒரே கேள்விதான். ஒருவர் கேட்ட விதம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது: "மாஸ்டர், எரிஞ்சது எழுபத்தஞ்சு லட்சம். நான் போட்டிருக்கிறது அறுபது. அறுபதாவது தரத்தானே வேணும்? அம்பதுண்டு சொல்றாங்களே, இது என்ன நியாயம்?"

அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அவருடைய பெயரும் கடையும் வேண்டாம். எண்களையும் வகுப்பில் செய்வதுபோல முழு எண்களாக்கித் தருகிறோம். ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: தீப்பிடித்த அன்று கடைக்குள் எவ்வளவு இருந்தது?

எரிந்துபோன சரக்கை யாராலும் எண்ண முடியாது. அதனால் எரியாத எண்களிலிருந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக இருப்பு எண்ணிய நாளில் எவ்வளவு இருந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது? வந்ததில் போனதைக் கழித்தால் இருந்தது தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வந்த சரக்கு கொள்விலையில் இருக்கிறது. போன சரக்கு விற்ற விலையில் இருக்கிறது. விற்ற விலைக்குள் நமது இலாபமும் இருப்பதால் இரண்டையும் அப்படியே கழிக்க முடியாது. விற்பனையிலிருந்து இலாபத்தை எடுத்துவிட்டு, போன சரக்கையும் கொள்விலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு முந்திய வருடத்தின் மொத்த இலாப வீதம் உதவுகிறது.

நமது துணிக்கடையில் 2016/17 நிதியாண்டின் விற்பனை 200 இலட்சம், மொத்த இலாபம் 50 இலட்சம். ஆகவே வீதம் நூற்றுக்கு 25. அதாவது நூறு ரூபாவுக்கு விற்றால் அதில் 75 ரூபா சரக்கின் கிரயம். தீப்பிடித்தது 2018 மார்ச் 5. கணக்கு இப்படி வருகிறது:

2017 மார்ச் 31 இல் இருந்த இருப்பு: 60 இலட்சம்
அதன்பின் தீ நாள் வரை கொள்வனவு: 170 இலட்சம்
வழங்குநருக்குத் திருப்பி அனுப்பியது: 3 இலட்சம் (கழிக்க)
சரக்கு ஏற்றி வந்த லொறிக் கூலி: 1 இலட்சம் (கூட்ட)
விற்பனைக்குக் கிடைத்த மொத்தச் சரக்கு: 228 இலட்சம்
தீ நாள் வரை விற்பனை 184 இலட்சம், அதன் கிரயம் நூற்றுக்கு 75 வீதம்: 138 இலட்சம் (கழிக்க)
தீ நாளில் கடையில் இருந்திருக்க வேண்டிய இருப்பு: 90 இலட்சம்

மேல் மாடியில் நெருப்பு எட்டாத பகுதியில் 15 இலட்சம் பெறுமதியான துணி தப்பியது. அதைக் கழித்தால் அழிந்த சரக்கு 75 இலட்சம். நானா சொன்ன எழுபத்தைந்து சரியான எண்தான். அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

இரண்டாவது வேலை: அந்தச் சரத்து

அவருடைய பொலிசியில் சரக்குக்கான காப்புறுதித் தொகை 60 இலட்சம். அதே பொலிசியின் உட்பக்கத்தில், சிறிய எழுத்தில், சராசரிச் சரத்து என்று ஒரு பந்தி இருந்தது. அதன் கருத்து இதுதான்: தீ நாளில் சரக்கின் முழுப் பெறுமதி காப்புறுதித் தொகையை விடக் கூடுதலாக இருந்தால், மிச்சப் பங்குக்குக் கடைக்காரர் தனக்குத் தானே காப்புறுதி செய்தவர் என்று கொள்ளப்படும். நட்டத்தில் அந்தப் பங்கை அவரே சுமக்க வேண்டும்.

சூத்திரம் சின்னது. அழிந்த சரக்கைக் காப்புறுதித் தொகையால் பெருக்கி, தீ நாளின் முழு இருப்பால் வகுக்க வேண்டும்.

75 × 60 ÷ 90 = 50 இலட்சம்.

தொண்ணூறு இலட்சச் சரக்குக்கு அறுபதுக்கு மட்டும் காப்புறுதி என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்புறுதி. ஆகவே நட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். பொலிசியில் இவ்வளவு தொகை வரை நட்டத்தை நீங்களே ஏற்க வேண்டும் என்று ஒரு கழிவு இருந்தால், ஐம்பதிலிருந்து அதுவும் போகும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் வகுக்கும் எண். அது முழு இருப்பு, அழிந்த இருப்பல்ல. தப்பிய 15 இலட்சமும் அந்த 90 க்குள் இருக்கிறது. பரீட்சைத் தாளில் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். அழிந்த 75 ஆல் வகுத்துவிட்டு 60 வருகிறது என்று எழுதுவார்கள். தீ எந்த மூலையில் பிடித்தாலும் சரி, காப்புறுதி கடையிலுள்ள எல்லாச் சரக்குக்கும் பொதுவானது. அதனால்தான் தப்பியதும் கணக்கில் சேர்கிறது.

"அறுபதாவது தரத்தானே வேணும்" என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. காப்புறுதித் தொகை என்பது கொம்பனி தரக்கூடிய உச்ச வரம்பு. வரம்பு வரை தருவோம் என்ற வாக்குறுதி அல்ல. தொண்ணூறும் முழுதாக எரிந்திருந்தால் 90 × 60 ÷ 90 = 60 என்று முழுத் தொகையும் வந்திருக்கும். ஒரு பகுதி தப்பினால் அறுபதுக்குக் குறையும்.

சின்னத் தீயில்தான் இது அதிகம் உறைக்கும்

பெரிய அழிவில் மட்டும்தான் இந்தச் சரத்து வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே கடையில் வயர் சோட் ஆகி ஒரு இராக்கை மட்டும் எரிந்தது, நட்டம் 9 இலட்சம் என்று வையுங்கள். அறுபது இலட்சப் பொலிசி கையில் இருக்கும்போது ஒன்பது இலட்சம் என்ன பெரிய தொகை, முழுதாக வரும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் 9 × 60 ÷ 90 = 6 இலட்சம். மூன்று இலட்சம் கையிலிருந்து போகும்.

இப்படியொரு சரத்து ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரீமியம் கணக்கிடப்படுவது காப்புறுதித் தொகையின் மேல். கடைத் தீக்கள் பெரும்பாலும் கடையின் ஒரு பகுதியை மட்டும் எரிப்பவை. இந்தச் சரத்து இல்லாவிட்டால் 90 இலட்சச் சரக்கு வைத்திருப்பவர் 30 இலட்சத்துக்கு மட்டும் பொலிசி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு பிரீமியம் கட்டி, சிறு தீக்களுக்கெல்லாம் முழு நட்டஈடு வாங்கிவிடலாம். பக்கத்துக் கடைக்காரர் முழுத் தொகைக்கும் கட்டிவிட்டு அதே நட்டஈட்டைத்தான் வாங்குவார். ஒருவர் கட்டாத பங்கை மற்றவர் தலையில் கட்டாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. எங்களுக்குள்ள குறை சரத்தில் இல்லை. பொலிசி விற்கும்போது அதை யாரும் வாயால் சொல்லாததுதான் குறை.

பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். சராசரி என்றால் கூட்டி வகுப்பது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இங்கே அந்த அர்த்தம் இல்லை. கடல் வாணிபத்தில் கப்பலுக்கோ சரக்குக்கோ வந்த சேதத்தைப் பங்குபோட்டுக்கொள்வதைக் குறித்த சொல்லே ஆங்கிலத்தில் 'அவரேஜ்' ஆனது. இத்தாலிய 'அவாரியா' வழியாக, குறை, பழுது என்று பொருள்படும் 'அவார்' என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்ததாகச் சொல் ஆராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். தமிழில் அதைச் சராசரி என்று பெயர்த்ததில் பொருள் மறைந்துவிட்டது. சேதத்தைப் பங்கிடும் சரத்து என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். தகாபுல் எடுத்தவர்களும் தங்கள் பத்திரத்தில் இந்தப் பந்தி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுபது எப்படிக் குறைவாகிப் போனது?

அந்தக் கடைக்காரர் கஞ்சத்தனத்தால் குறைத்துப் போடவில்லை. 2017 மார்ச் 31 இல் அவருடைய இருப்பு 60 இலட்சம்தான். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பொலிசி எழுதப்பட்டது. ஆனால் துணிக்கடையில் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் சரக்கு குவியும். வருட இறுதி எண்ணை வைத்து எடுத்த பொலிசி, சரக்கு உச்சத்தில் இருக்கும் மாதத்தில் போதாது. தீ, நமது இருப்பு குறைந்திருக்கும் நாளைப் பார்த்து வருவதில்லை.

இன்னொரு காரணம் வங்கிக் கடன். சரக்கை ஈடு காட்டிக் கடன் எடுக்கும்போது, வங்கி காப்புறுதி கேட்கும். கடன் அறுபது என்றால் காப்புறுதியும் அறுபதுக்கு எழுதப்பட்டுவிடும். வங்கிக்கு அதன் கடன் பத்திரமாக இருந்தால் போதும். சரக்கின் பெறுமதிக்குக் காப்புறுதி போதுமா என்பது நமது பிரச்சினை.

மூன்றாவது காரணத்தை 2022 எல்லோருக்கும் காட்டியது. அந்த வருட மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவுக்குப் போனது. இராக்கையில் அதே எண்ணிக்கைத் துணி, அதே எண்ணிக்கை டயர், அதே எண்ணிக்கை மின்விளக்கு. மீண்டும் வாங்கப் போனால் விலை முக்கால் பங்குக்கும் மேலாக ஏறியிருந்தது. பொலிசியில் மட்டும் பழைய எண். ஒரு சரக்கும் புதிதாக வாங்காமலேயே கடைக்காரர்கள் பாதிக் காப்புறுதிக்காரர்களாக மாறியிருந்தார்கள். மதிப்பீட்டாளர் சரக்கின் பெறுமதியைத் தீ நாளின் விலையில் பார்த்தால், வகுக்கும் எண் பெரிதாகும். நட்டமும் அதே விலையில் பார்க்கப்படும் என்பது உண்மை. ஆனால் காப்புறுதித் தொகை அசையாது நிற்பதால், கிடைக்கும் பங்கு சுருங்கும்.

கூட்டிச் சொன்னால் கிடைக்குமா?

இதையும் வெளிப்படையாகப் பேசுவோம். "இருப்பை நூற்றி இருபதுண்டு காட்டினா கூடக் கிடைக்கும்தானே" என்று கேட்டவர்களும் உண்டு. கணக்கே பதில் சொல்லட்டும். இருப்பு 120 என்றால் தப்பிய 15 போக நட்டம் 105. 105 × 60 ÷ 120 = 52.5 இலட்சம். முப்பது இலட்சம் பொய் சொன்னதற்கு இரண்டரை இலட்சம்தான் கூடும். இருப்பைக் கூட்டும்போது வகுக்கும் எண்ணும் சேர்ந்து கூடுவதே காரணம். மறுபக்கம், மோசடியான கோரிக்கை என்று தெரிந்தால் கோரிக்கை முழுவதையும் நிராகரிக்க பொலிசியிலேயே நிபந்தனை இருக்கும். இரண்டரை இலட்சத்துக்காக ஐம்பதையும் பணயம் வைப்பதா? அது ஹலாலா என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரக் கணக்காகப் பார்த்தாலே நட்டம்.

சரத்திலிருந்து தப்ப, குறைத்துச் சொன்னாலும் பயனில்லை. இருப்பு 60 தான் என்று காட்டினால் சரத்து பொருந்தாது, சரி. ஆனால் நட்டமும் 45 ஆகிவிடும். உண்மையைச் சொன்னால் 50.

கணக்கில் சர்ச்சை வரும் இடம்

மதிப்பீட்டாளரோடு வாக்குவாதம் வருவது பெரும்பாலும் இலாப வீதத்தில். 25 க்குப் பதிலாக 20 என்று எடுத்தால், விற்பனைக் கிரயம் 138 இலிருந்து 147.2 இலட்சமாகிவிடும். இருப்பு 90 க்குப் பதிலாக 80.8. ஐந்து புள்ளி மாறினால் ஒன்பது இலட்சத்துக்கு மேல் சரக்கு காகிதத்தில் காணாமல் போகிறது. ஆகவே ஒரு வருட வீதத்தை மட்டும் காட்டாமல் மூன்று வருடக் கணக்குகளைக் காட்டி, வீதம் ஓரளவு நிலையானது என்று நிறுவ முடிந்தால் நல்லது.

வழமையான வீதத்துக்குப் பொருந்தாத விற்பனையையும் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த 184 இலட்சத்தில் 14 இலட்சம், பழைய டிசைன் துணிகளைக் கழிவு விலையில், அடக்க விலைக்கே தள்ளிவிட்டது என்று வையுங்கள். அந்தப் பதினான்கில் இலாபம் இல்லை, முழுதும் கிரயம். மிச்சம் 170 இல் மட்டும் நூற்றுக்கு 75 எடுத்தால் 127.5. இரண்டும் சேர்ந்து 141.5. இருப்பு 86.5 இலட்சமாகக் குறைகிறது. இதை நாமே முன்கூட்டிக் காட்டினால் மற்ற எண்களுக்கும் நம்பிக்கை வரும். மதிப்பீட்டாளர் தேடிக் கண்டுபிடித்தால் எல்லா எண்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

பில் இல்லாமல் வாங்கிய சரக்கு இன்னொரு வேதனை. கொள்வனவில் பதியாத சரக்கு, இந்தக் கணக்கைப் பொறுத்தவரை கடைக்குள் வரவேயில்லை. எரிந்தாலும் எரியாததுதான். கண்ணால் பார்த்த சாட்சி பத்துப் பேர் இருந்தாலும் கணக்கில் ஏற்றுவது கஷ்டம். அதேபோல வேறு களஞ்சியத்தில் வைத்திருந்த சரக்கும், இன்னொரு கிளைக்கு அனுப்பியதும், வீட்டுக்கு எடுத்ததும் இந்த 90 இலிருந்து கழிக்கப்பட வேண்டியவை. அவை தீப்பிடித்த இடத்தில் இருக்கவில்லை.

புத்தகமும் எரிந்துவிட்டால்?

திகனயில் பலருக்கு நடந்தது இதுதான். கடையோடு பில் புத்தகமும் கணினியும் போய்விட்டன. அப்போதும் வழி உண்டு. வியாபாரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் இன்னொரு பிரதி இன்னொருவரிடம் இருக்கும். கொள்வனவுக்குப் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் நம்முடைய கணக்கின் பிரதி இருக்கும். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்க வேண்டும். விற்பனைக்கு வங்கிக் கூற்று இருக்கிறது. வங்கியில் போட்ட காசோடு, கல்லாவிலிருந்து நேரே கொடுத்த செலவையும் வீட்டுக்கு எடுத்ததையும் கூட்டி, கடனுக்கு விற்று இன்னும் வராததையும் சேர்த்தால் விற்பனையை நெருங்கலாம். பழைய கடன் வசூலும் வங்கிப் பணத்துக்குள் இருக்கும், அதைக் கழிக்க வேண்டும். முந்திய வருடக் கணக்கின் பிரதி கணக்காளரிடமோ, வரிக்குக் கொடுத்திருந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ இருக்கும்.

ஆரம்ப இருப்புக்கு நம்மிடம் பலர் நினைக்காத ஒரு ஆதாரம் உண்டு. ஸகாத் கணக்குக்காக வருடம் ஒருமுறை சரக்கை எண்ணி எழுதுகிறோமே, அந்தப் பட்டியல். இந்தக் கணக்கு மார்ச் 31 இல்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. சரக்கை உண்மையாக எண்ணிய எந்த நாளிலிருந்தும் தொடங்கலாம். எண்ணிய நாள் தீ நாளுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவுக்கு ஊகம் குறையும். ஒரு விடயம் மட்டும் கவனம்: ஸகாத்துக்கு நாம் வழமையாக விற்பனை விலையில் மதிப்பிடுகிறோம். இங்கே கொள்விலை வேண்டும். பட்டியலில் 80 இலட்சம் என்றிருந்தால், 25 வீத இலாபக் கடையில் அதன் கிரயம் 60 இலட்சம். அந்தப் பட்டியலைத் திகதியிட்டுக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைக் கடைக்கு வெளியே, வீட்டிலோ தொலைபேசியிலோ வைத்தால், அது ஒரு நாள் பேசும்.

புத்தகத்தில் எழுதுவது

அழிந்த 75 இலட்சத்தை வியாபாரக் கணக்கின் கிரயத்திலிருந்து நீக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் எரிந்த சரக்கும் விற்ற சரக்குபோலக் கிரயத்துக்குள் போய், அந்த வருட மொத்த இலாபம் விழுந்துபோகும். அடுத்து ஒரு தீ வந்தால், விழுந்த அந்த வீதம்தான் ஆதாரமாகும். கொம்பனி ஏற்றுக்கொண்ட 50 இலட்சம் வரவேண்டிய நட்டஈடு, மிச்சம் 25 இலட்சம் இலாப நட்டக் கணக்கில் தீ நட்டம்.

தீ மார்ச் 5, வருட முடிவு மார்ச் 31. அந்த இருபத்தாறு நாளில் கோரிக்கை முடிவாகியிருக்காது. நமது நாட்டின் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 37 இன்படி, வருவது ஏறக்குறைய உறுதியாகும் வரை நட்டஈட்டைச் சொத்தாகக் காட்டக்கூடாது. ஆகவே அந்த வருடத்தில் 75 இலட்சமும் நட்டம். கோரிக்கை பற்றிக் குறிப்பு மட்டும் எழுதலாம். கொம்பனி ஏற்றுக்கொண்ட பிறகு, அடுத்த வருடத்தில் 50 இலட்சம் வருமானமாக வரும். வங்கி முகாமையாளர் அந்த வருடக் கணக்கைப் பார்த்து முகம் சுளித்தால், இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள்.

கலவரத் தீ

சாதாரணத் தீப் பொலிசி கலவரத்தில் பிடித்த தீயைப் பாதுகாக்காது. வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான நீட்சியைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். நமது நாட்டில் அதற்கான நிதியத்தைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது, கொம்பனிகள் ஊடாக அது விற்கப்படுகிறது. தீப் பொலிசியோடு ஒட்டிய நீட்சி என்பதால், பொலிசியில் குறைத்துப் போட்ட தொகை அங்கேயும் குறைவுதான். 2018 இல் ரெப்பியா என்று அழைக்கப்பட்ட அரச அதிகாரசபை ஊடாக வந்த நட்டஈடு இதிலிருந்து வேறானது. காப்புறுதி இல்லாதவர்களுக்கு இருந்த வழி அது.

இனி என்ன பார்க்க வேண்டும்

பொலிசியை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். சரக்குக்கு என்று எழுதிய தொகை எவ்வளவு? கலவர நீட்சி இருக்கிறதா? சராசரிச் சரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது? சில பொலிசிகளில் சிறிய குறைவைப் பொறுத்துக்கொள்ள இடம் விட்டிருப்பார்கள். அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிறகு, வருடத்தில் சரக்கு ஆகக் கூடுதலாக இருக்கும் மாதத்தை நினைத்து, அந்தச் சரக்கை இன்றைய விலையில் திரும்ப வாங்க எவ்வளவு வேண்டும் என்று போடுங்கள். அந்த எண் பொலிசித் தொகையை விடக் கூடினால், வருடம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலதிகப் பிரீமியம் கட்டித் தொகையை இடையிலேயே கூட்டி எழுதிக்கொள்ளலாம். சரக்கு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் கடை என்றால், உச்சத் தொகைக்குப் பொலிசி எடுத்து மாதாமாதம் இருப்பை அறிவித்து, வருட முடிவில் பிரீமியத்தைச் சரிசெய்யும் பொலிசி வகையும் உண்டு. அதில் அறிவிப்பை ஒரு மாதமும் தவறவிடக்கூடாது.

அந்த நானாவுக்கு மேலதிகமாக முப்பது இலட்சத்துக்குப் பிரீமியம் கட்டியிருந்தால், 75 × 90 ÷ 90 என்று முழு எழுபத்தைந்தும் வந்திருக்கும். கூடக் கட்ட வேண்டியிருந்தது முப்பது இலட்சத்துக்கான ஒரு வருடப் பிரீமியம் மட்டும்தான். அது இல்லாததால் போனது இருபத்தைந்து இலட்சம்.